பாட்டு எங்கே நிற்கிறது: ராத்திரி ஓட்டத்தில் பிழை பிடிக்கும் வழி

மதுரையில் கார் ஸ்டீரியோ, வயரிங் வேலை பார்க்கிறேன். காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் டாக்சிகள்தான் நிற்கும். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் வந்திருப்பார்கள். கண் சிவந்திருக்கும். இறங்கியதும் பெரும்பாலும் ஒரே புகார்தான்: "பாட்டு பாதியில நின்னுருதுங்க, செட்ட மாத்திரலாமா?"

டாக்டரிடம் போய் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்வது போன்றது இது. காய்ச்சலுக்குக் காரணம் பத்து இருக்கும். பாட்டு நிற்பதற்கும் அப்படித்தான். செட்டை மாற்றினால் எனக்கு வருமானம் உண்டு, அவருக்குப் பிழை தீராது. புதுச் செட்டிலும் அடுத்த ஓட்டத்தில் பாட்டு நிற்கும். அதனால் நான் முதலில் கேட்பது, எங்கே நின்றது, எப்படி நின்றது என்பதைத்தான். அதற்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது என் தாய்மாமாவின் வண்டி. அவருக்கு நடந்ததை வைத்தே அறிகுறி அறிகுறியாகச் சொல்கிறேன்.

மாமா டாக்சி ஓட்டுகிறார். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சென்னை விமான நிலையத்தில் பார்ட்டியை ஏற்றி ராத்திரியோடு ராத்திரியாக மதுரைக்கு வருவார். செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி வழியாகக் கிட்டத்தட்ட 460 கிலோமீட்டர். பார்ட்டி தாம்பரம் தாண்டுவதற்குள் தூங்கிவிடும். அதற்குப் பிறகு மாமாவுக்குத் துணை அவருடைய பாட்டுப் பட்டியல்தான். எல்லாம் இளையராஜா, 120 பாட்டு, தேடித் தேடிச் சேர்த்தது. போனில் ஒரு பாட்டுச் செயலியில் மாதச் சந்தா கட்டி, 120 பாட்டையும் இறக்கி வைத்திருந்தார். போனிலிருந்து புளூடூத் வழியாகக் கார் செட்டில் பாடும்.

ஒரு நாள் விடியற்காலை நாலே கால் மணிக்கு மாமா கூப்பிட்டார்.

"மாப்ள, தூக்கத்தக் கெடுத்துட்டேன். பாட்டு நின்னு போச்சுப்பா. துவரங்குறிச்சி தாண்டி வர்றேன். கண்ணு வேற சொக்குது."

"மாமா, வண்டி ஓடுதா நிக்குதா?"

"பங்க்ல நிப்பாட்டிட்டுத்தான் பேசுறேன்."

"அப்ப போன நோண்டாதீங்க. மூஞ்சியக் கழுவிட்டு, டீயக் குடிச்சிட்டு, இருபது நிமிஷம் சீட்டச் சாய்ச்சிப் படுங்க. வந்ததும் பாத்துக்கலாம்."

இதைத்தான் முதல் படியாக எல்லாருக்கும் சொல்வேன். ஓடுகிற வண்டியில் பிழை பிடிக்கக் கூடாது. நால்வழிச் சாலை ஓரத்தில் நிறுத்தியும் பிடிக்கக் கூடாது, பின்னால் வருகிற லாரிக்காரரும் அரைத் தூக்கத்தில் இருக்கலாம். பங்க், டீக்கடை, டோல்கேட் தாண்டி வண்டி நிறுத்தும் இடம், இதில் எது அடுத்து வருகிறதோ அங்கே போய் நிறுத்துங்கள். பாட்டு இல்லாமல் கண் சொக்குகிறது என்றால், பாட்டு இருந்தபோதும் உடம்பு தூக்கத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதற்குத் தூக்கம்தான் மருந்து.

டிரிப் ஷீட்டின் பின்பக்கம்

மாமா வந்ததும் கேட்டேன். "எப்ப நின்னுச்சு?" "அதான் சொன்னேனே, துவரங்குறிச்சி தாண்டி." "எந்தப் பாட்டு?" "ஞாபகம் இல்ல." "பாட்டு நடுவுல நின்னுச்சா, ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது வரலையா?" "அதெல்லாம் யாருப்பா கவனிச்சா?"

குறை சொல்ல முடியாது. இருட்டில், எதிர் வண்டி வெளிச்சத்தில் ஓட்டுகிறவர் அதையெல்லாம் கவனிக்க மாட்டார். ஆனால் நிறுத்தியதும் நான்கு விஷயங்களைக் குறித்து வைக்கலாம். மணி என்ன, எந்த ஊர், எந்தப் பாட்டு, நிற்பதற்கு முந்தின நொடியில் என்ன நடந்தது. டிரிப் ஷீட் பின்பக்கம் போதும். ஒரு முறை குறித்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டு மூன்று முறை குறித்துவிட்டு, அவற்றில் எது மாறாமல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எது மாறவில்லையோ அங்கேதான் பிழை.

இன்னொன்றும் முக்கியம், அது எப்படி நின்றது என்பது. பாடகர் ஒரு சொல்லைப் பாடிக்கொண்டிருக்கும்போதே கத்தரித்த மாதிரி அறுந்ததா, அல்லது ஒரு பாட்டு முழுசாக முடிந்து அடுத்தது வரவே இல்லையா? இந்த இரண்டுக்கும் காரணங்கள் வேறு வேறு. மாமாவிடம் இதைச் சொல்லி, அடுத்த ஓட்டத்தில் காதை வைத்துக் கேட்கச் சொன்னேன்.

எப்போதும் ஒரே பாட்டில் நிற்கிறது என்றால்

கோப்பு கெட்டிருக்கிறது. பென்டிரைவில் பாட்டு கேட்பவர்களுக்கு அதிகம் வருவது இதுதான். அடுத்த பாட்டுக்குத் தள்ளிப் பாருங்கள். தள்ளியதும் பாடினால் செட் நன்றாக இருக்கிறது, அந்த ஒரு பாட்டுதான் கெட்டது. தள்ளவே முடியாமல் செட் அப்படியே உறைந்து நின்றால், பென்டிரைவைப் பிடுங்கி மறுபடி செருகி, அந்தப் பாட்டுக்கு இரண்டு பாட்டு முன்னாலிருந்து ஓடவிடுங்கள். மறுபடியும் அதே இடத்தில் உறைந்தால் சந்தேகமே வேண்டாம்.

கெட்ட பாட்டைக் கணினியில் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். நாலரை நிமிடப் பாட்டு சாதாரணமாக நாலிலிருந்து பத்து எம்பி வரை இருக்கும். இது மட்டும் சில நூறு கேபியில் நிற்கும். இறக்கும்போதோ நகலெடுக்கும்போதோ பாதியில் அறுந்திருக்கிறது. அழித்துவிட்டு மறுபடி நகலெடுங்கள். அளவு சரியாக இருந்தும் நின்றால் கோப்பின் வகையைப் பாருங்கள். பழைய செட்கள் எம்பி3 தவிர மற்றவற்றைச் சில சமயம் வாங்கிக்கொள்வதில்லை. பட்டியலில் பெயர் மட்டும் தெரியும், பாடாது.

பத்துப் பதினைந்து பாட்டு ஒன்றாகக் கெட்டிருந்தால் பென்டிரைவிலேயே கோளாறு. வண்டி அணைந்த அதே நொடியில் பிடுங்கிப் பிடுங்கி அப்படி ஆகும். விண்டோஸ் கணினியில் செருகி, அதற்கு என்ன எழுத்து வருகிறது என்று பார்த்துக்கொண்டு, `Command Prompt`-ஐ `Run as administrator` என்று திறந்து அதில் இதைக் கொடுக்கலாம். இங்கே E என்று வைத்துக்கொள்கிறேன்.

```
chkdsk E: /f
```

அதிலும் சரியாகாவிட்டால் பாட்டுகளைக் கணினியில் பத்திரப்படுத்திவிட்டு, பென்டிரைவை `FAT32` முறையில் ஃபார்மட் செய்து மறுபடி நிரப்புங்கள். பழைய செட்களுக்கு நன்றாகப் பழகியது அந்த முறைதான். அதனால் டாக்சிக்கு 32 ஜிபிக்கு மேல் பென்டிரைவ் வாங்க வேண்டாம் என்பேன். அதற்கு மேல் போனால் விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டியில் `FAT32` காட்டாமல் போகும். 32 ஜிபியிலேயே நாலாயிரம் பாட்டுக்கு இடம் இருக்கிறது.

மாமாவுக்கு இது பொருந்தவில்லை. அவருடையது பென்டிரைவ் இல்லை. பட்டியலையும் கலைத்துப் போட்டுத்தான் கேட்பார், ஒவ்வொரு ராத்திரியும் வேறு வரிசையில் வரும். 120 பாட்டும் ஓட ஒன்பது மணி நேரம் ஆகும், ஓட்டமோ ஏழே முக்கால் மணி நேரம். ஆகவே பட்டியல் தீர்ந்து போய் நின்றதாகவும் சொல்ல முடியாது.

எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால்

மாமாவின் கட்சி இதுதான். "அந்தக் காட்டுப் பக்கம் டவர் கிடையாது மாப்ள. அதான் நிக்குது." நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இணையத்திலிருந்து நேரடியாகப் பாட்டு கேட்பவர்களுக்கு இது நிஜமாகவே நடக்கும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு, அது தெரியாமல்தான் பலர் தப்பான இடத்தைக் குற்றம் சொல்கிறார்கள்.

டவர் போன அதே நொடியில் பாட்டு நிற்பதில்லை. செயலிகள் ஓடுகிற பாட்டை முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் அந்தப் பாட்டு நன்றாகவே ஓடி முடியும், அடுத்த பாட்டுதான் தொடங்காது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், பாட்டில் இன்னும் மூன்று நிமிடம் பாக்கி என்றால், டவர் போன இடத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளித்தான் அமைதி வரும். ஆகவே சிக்னலால் நிற்கிற பாட்டு பெரும்பாலும் ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நிற்கும், இடமும் ஒவ்வொரு முறையும் சில கிலோமீட்டர் முன்னே பின்னே மாறும். சிக்னல் வந்ததும் சில செயலிகள் தானாகத் தொடரும், சில தொடராது.

இது சிக்னல்தானா என்று தெரிந்துகொள்ளத் துவரங்குறிச்சிக்குப் போக வேண்டியதில்லை. வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போதே பார்க்கலாம். போனை விமானப் பயன்முறையில் போடுங்கள், அதாவது `Airplane mode`. அது புளூடூத்தையும் சேர்த்து அணைத்திருந்தால், புளூடூத்தை மட்டும் திரும்பப் போட்டு வண்டிச் செட்டோடு இணையுங்கள். இப்போது பட்டியலை ஓடவிட்டு, ஆங்காங்கே பத்துப் பாட்டைத் தொட்டுப் பாருங்கள். எல்லாம் பாடினால் நிஜமாகவே இறங்கியிருக்கின்றன. சில பாட்டு மங்கலாகத் தெரிந்து தொட்டாலும் பாடாமல் இருந்தால், இறங்கியதாக நீங்கள் நினைத்திருக்கிறீர்கள், அது இறங்கவில்லை. புதிதாகப் பட்டியலில் சேர்த்த பாட்டுகளில் இது அடிக்கடி நடக்கும். வைஃபையில் மட்டும் இறக்கு என்று அமைப்பில் இருக்கும், டாக்சிக்காரர் போன் வைஃபை பக்கமே போயிருக்காது.

கூடவே ஒரு காலக்கெடுவும் உண்டு. சந்தாச் செயலிகளில் இறக்கிய பாட்டு நமக்குச் சொந்தமானதில்லை, சந்தா உயிரோடு இருக்கிறதா என்று செயலி அவ்வப்போது இணையத்தில் போய்ச் சரிபார்க்கும். 30 நாள் வரை இணையம் பக்கம் போகாமல் இருந்தால் இறக்கியதெல்லாம் பூட்டிக்கொள்ளும் செயலிகள் இருக்கின்றன. தினமும் டேட்டா போடுகிற மாமாவுக்கு அந்தக் கவலை இல்லை.

மாமாவின் போனை என் கடை வாசலில் வைத்து இந்தச் சோதனையைச் செய்தேன். பத்துக்குப் பத்தும் பாடின. இணையமே இல்லாமல் பாடுகிற பாட்டு, டவர் இல்லை என்று எப்படி நிற்கும்? மாமாவுக்கும் பதில் இல்லை, எனக்கும் இல்லை. துவரங்குறிச்சியை அப்போதே கழற்றிவிட்டேன்.

குலுங்கினால், கை பட்டால், போன் வந்தால்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பள்ளத்தில் இறங்கும்போதோ வேகத்தடையில் ஏறும்போதோ சொல் நடுவில் அறுந்து, செட்டின் திரையில் பென்டிரைவை மறுபடி படிப்பதாகக் காட்டி, முதல் பாட்டிலிருந்தோ விட்ட இடத்திலிருந்தோ தொடங்கினால், செருகுமிடம் தளர்ந்திருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு, பாட்டை ஓடவிட்டு, ஒரு விரலால் மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் தெரிந்துவிடும். போன் கேபிள் என்றால் முதலில் போனின் சார்ஜ் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப் பை நூலும் தூசியும் அடியில் அடைந்து, கேபிளைக் கடைசி வரை இறங்க விடாது. போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் பொறுமையாக எடுங்கள். ஊசி போடாதீர்கள்.

போன் அழைப்பு வந்து முடிந்த பிறகு பாட்டு திரும்பவில்லை என்றால், பாட்டு நிற்கவில்லை, காத்திருக்கிறது. அழைப்புக்காகச் செயலி ஒதுங்கிக்கொண்டது, திரும்ப வரவில்லை. சவாரி அழைப்புச் செயலியின் மணிச் சத்தத்தாலும் இது வரும். ஸ்டீயரிங்கில் பொத்தான் இருந்தால் ஒரு தட்டு, அவ்வளவுதான். மாமாவுக்கு இரண்டு ராத்திரியும் அழைப்பு எதுவும் வந்திருக்கவில்லை, சாலையும் அந்த இடங்களில் வழவழவென்று இருந்தது.

இவ்வளவு நேரம் ஓடியதும் நிற்கிறது என்றால்

மாமாவின் இரண்டாவது ஓட்டம் முடிந்து டிரிப் ஷீட் என் கைக்கு வந்தபோது, நான் இதைத்தான் எதிர்பார்த்தேன். காரணம், சொல் நடுவில் அறுந்ததாக இந்த முறை மாமா உறுதியாகச் சொன்னார். "தண்ணிக் குழாய மூடுன மாதிரி நின்னுச்சு மாப்ள." காரணம் அழைப்பும் இல்லை, குலுக்கலும் இல்லை, சிக்னலும் இல்லை. யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். பெரும்பாலும் அந்த யாரோ, போனேதான்.

பேட்டரி மிச்சம் பிடிக்க, திரை அணைந்த பிறகு பின்னால் ஓடுகிற செயலிகளைப் போன் மூடும். சில நிறுவனத்துப் போன்கள் பாட்டுச் செயலியையும் சேர்த்து மூடிவிடும். அடையாளம் என்னவென்றால், திரையை எழுப்பிச் செயலியைத் தொட்டதும் அது விட்ட இடத்தில் காத்திராமல், புதிதாகத் திறப்பது போல முகப்பிலிருந்து தொடங்கும். மருந்து, அமைப்புகளில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய், பேட்டரி என்ற இடத்தில் `Unrestricted` என்பதைத் தேர்ந்தெடுப்பது. பெயர் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். நினைவகம் குறைந்த போனில் வரைபடம், சவாரிச் செயலி, பணம் வாங்கும் செயலி மூன்றும் ஒன்றாகத் திறந்திருந்தாலும் பாட்டுதான் முதலில் பலியாகும்.

தூங்கும் நேரக் கடிகாரம் என்று ஒன்று பல பாட்டுச் செயலிகளில் இருக்கிறது, `Sleep timer`. வீட்டில் யாராவது படுக்கும்போது போட்டு விட்டிருக்கலாம். வீடியோச் செயலியில் பாட்டு கேட்பவர்களுக்கு வேறொன்று, வெகு நேரம் திரையைத் தொடாமல் இருந்தால் "இன்னும் பார்க்கிறீர்களா" என்று கேட்டு நிறுத்திக்கொள்ளும். மூன்றுக்கும் பொதுவானது, பாட்டைப் போட்டதிலிருந்தோ கடைசியாகத் திரையைத் தொட்டதிலிருந்தோ கணக்கு ஓடுவது.

அதனால் கணக்குப் பார்த்தேன். முதல் ஓட்டத்தில் சென்னையில் பாட்டைப் போட்டது ராத்திரி 10 மணி. நின்றது 4.05. ஆறு மணி ஐந்து நிமிடம். இரண்டாவது ஓட்டத்தில் விமானம் தாமதம், 11.30க்குத்தான் கிளம்பினார். நின்றது 4.10க்கு. நாலு மணி நாற்பது நிமிடம். ஒத்து வரவில்லை. செயலியும் விட்ட இடத்தில்தான் காத்திருந்தது, புதிதாகத் திறக்கவில்லை. இடமும் ஒத்து வரவில்லை. தாமதமாகக் கிளம்பியதால் இந்த முறை பாட்டு நின்றது பாடாலூர் தாண்டி, திருச்சிக்கும் முன்னால். துவரங்குறிச்சி அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குக் கிட்டத்தில் தெற்கே இருக்கிறது.

ஊர் மாறியது, பாட்டு மாறியது, ஓடிய நேரம் மாறியது. கடிகாரம் மட்டும் மாறவில்லை.

எப்போதும் ஒரே மணிக்கு நிற்கிறது என்றால்

வண்டிக்கு மணி தெரியாது. செட்டுக்கும் புளூடூத்துக்கும் தெரியாது. ஏதாவது ஒன்று தினமும் ஒரே மணிக்குப் பாட்டை நிறுத்துகிறது என்றால், அந்த மணிக்கு எங்கோ ஒருத்தர் ஏதோ செய்கிறார். போனில் அந்த நேரத்துக்கு அலாரமோ, தானாக இயங்கும் அமைப்போ வைத்திருக்கலாம். மாமா போனில் பார்த்தேன், இரண்டும் இல்லை.

"மாமா, நின்னதுக்கு அப்புறம் மறுபடி போட்டீங்களா?"

"போட்டேன். பாடுச்சு. ரெண்டு நிமிஷத்துல திரும்ப நின்னுச்சு. திரும்பப் போட்டேன், திரும்ப நின்னுச்சு. கோவத்துல விட்டுட்டேன்."

இதை அவர் முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் பாதி தூரம் சுற்றியிருக்க மாட்டேன். போட்டால் பாடுகிறது, இரண்டு நிமிடத்தில் நிற்கிறது, மறுபடி போட்டால் மறுபடி பாடுகிறது. எதிரில் ஒருவர் இருந்து கயிற்றை இழுக்கிற மாதிரி.

"மாமா கணக்க வேற யாராவது பயன்படுத்துறாங்களா?" என்று அத்தைக்குப் போன் போட்டிருக்கலாம். அதற்கு அவசியம் வரவில்லை. செயலியைத் திறந்து, பாடுகிற பாட்டின் பெயர் இருக்கும் பட்டையில், எந்தக் கருவியில் ஓடுகிறது என்று காட்டும் சின்னத்தைத் தொட்டேன். கார் செட்டின் பெயருக்குக் கீழே இன்னொரு போனின் பெயர் இருந்தது. மாமா எட்டிப் பார்த்தார்.

"இது உங்க அத்தையோட பழைய போன்ல? பாப்பாட்டல்ல இருக்கு."

பாப்பா என்றால் மாமா பொண்ணு. பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. பொங்கல் லீவில் அப்பாவின் கணக்கை அந்தப் போனிலும் போட்டுக்கொண்டிருக்கிறாள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பல் தேய்த்து, தூக்கம் கலைவதற்காக மெதுவாக ஒரு பாட்டைப் போட்டுவிட்டுக் கணக்கு நோட்டைத் திறப்பாள். தனிநபர் சந்தாவில் ஒரு நேரத்தில் ஒரு கருவியில்தான் பாட்டு ஓடும். அவள் அங்கே போட்டதும் மாமாவுக்கு இங்கே நடுச் சொல்லில் அறுந்துவிடும். மாமா இங்கே போட்டதும் அவளுக்கு அங்கே அறுந்துவிடும். அவளும் நெட் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடி போட்டிருக்கிறாள். பாடாலூரில் அப்பாவும் மதுரையில் மகளும் ஒருவர் பாட்டை ஒருவர் நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள், இருவருக்கும் தெரியாமல்.

இறக்கி வைத்த பாட்டு ஏன் நின்றது என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில். பாட்டு போனில் இருந்தாலும், இணையம் இருக்கும் வரை செயலி தலைமையிடத்தோடு பேசிக்கொண்டேதான் இருக்கும். இந்தக் கணக்கில் இன்னொரு கருவி தொடங்கிவிட்டது என்று சேதி வந்ததும் தானாக நிறுத்திக்கொள்ளும். உண்மையில் டவர் இல்லாத காடாக இருந்திருந்தால் பாட்டு நின்றே இருக்காது.

சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். செயலியின் அமைப்பில் `Offline mode` என்று இருக்கிறது. சென்னையில் வண்டியை எடுக்கும் முன் அதைப் போட்டுவிட வேண்டும். அந்தச் செயலி மட்டும் இணையத்தை விட்டு விலகும். வரைபடமும் சவாரிச் செயலியும் வழக்கம்போல ஓடும், அழைப்பும் வரும். மகள் அங்கே கேட்கலாம், அப்பா இங்கே கேட்கலாம். இந்த வசதி இல்லாத செயலி என்றால், பல போன்களில் ஒரு செயலிக்கு மட்டும் மொபைல் டேட்டாவை நிறுத்தி வைக்க முடியும், அமைப்புகளில் அந்தச் செயலியின் பக்கத்திலேயே இருக்கும்.

இரண்டு எச்சரிக்கை சொல்லி அனுப்பினேன். இந்த முறையில் இறக்காத பாட்டு பாடாது, அதனால் புதிதாக ஒரு பாட்டைச் சேர்த்தால் அதை இறக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை வீட்டில் அந்தப் பயன்முறையை எடுத்துவிட்டுச் செயலியைச் சற்று நேரம் இணையத்தில் விட வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் சொன்ன காலக்கெடு வந்து பூட்டிக்கொள்ளும். நிரந்தர வழி குடும்பச் சந்தா, ஆளுக்கொரு கணக்கு. பரீட்சை முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்றார் மாமா.

"பாப்பாட்ட கணக்கப் பயன்படுத்தாதன்னு சொல்லிறலாமா?" என்று கேட்டேன், எளிய வழி என்று.

"அதெல்லாம் வேணாம். அது படிக்கட்டும்."

அந்த வாரக் கடைசியில் மறுபடி சென்னை ஓட்டம். கிளம்பும் முன் `Offline mode` போட்டுவிட்டதாகச் சொன்னார். விடியற்காலை நாலரைக்கு என் போன் அடித்தது. மாமா பெயரைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. இன்னும் எதையோ கவனிக்கத் தவறிவிட்டோம் போல.

"என்ன மாமா, நின்னுருச்சா?"

"இல்லப்பா, நிக்கல. விராலிமலைல டீக்கடைல நிக்கிறேன். நாலு மணி தாண்டியும் பாட்டு பாடிக்கிட்டே இருந்துச்சா, எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பாப்பா எந்திரிக்கலையோ, ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு. வீட்டுக்குப் போன் போட்டேன்."

"எந்திரிச்சிருச்சா?"

"நாலுக்கே எந்திரிச்சு உக்காந்துருக்கு. 'இன்னிக்குத்தாம்ப்பா பாட்டு நிக்காம ஓடுது'ங்குது."